வீட்டில் ஒரு மொழி, மனுவில் ஒரு மொழி

தாய்மொழிக்குள்தான் மொழிபெயர்க்க வேண்டும், தாய்மொழியிலிருந்து வெளியே மொழிபெயர்க்கக் கூடாது என்று ஒரு விதி சொல்வார்கள். 1976இல் நைரோபியில் கூடிய யுனெஸ்கோ மாநாடு மொழிபெயர்ப்பாளர்களுக்காக ஏற்றுக்கொண்ட பரிந்துரையிலும் இது இருக்கிறது. முடிந்தவரை தன் தாய்மொழிக்குள், அல்லது தாய்மொழி அளவுக்குத் தேர்ச்சி உள்ள மொழிக்குள் மொழிபெயர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல விதிதான். ஆனால் இந்த விதியை எழுதியவர்கள் எங்களை நினைத்துப் பார்த்து எழுதவில்லை.

எங்கள் வீட்டு மொழி தெலுங்கு. வடதமிழ்நாட்டு அருந்ததியர் பலருடைய வீட்டு மொழி அது. சண்டை, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் அதில்தான். ஆனால் அதில் ஓர் எழுத்துகூட எங்களுக்கு எழுதத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ். பஸ் பலகை, ரேஷன் கார்டு, போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் எல்லாம் தமிழ். எங்கள் தெலுங்கு ஆந்திராக்காரர்களுக்குக் கேலி. எங்கள் தமிழ் இங்கே உள்ளவர்களுக்குக் கேலி. 'தாய்மொழிக்குள் மொழிபெயர்' என்றால் எங்கே போய் மொழிபெயர்ப்பது? அம்மா பேசுவதை ஆபீசுக்குக் கொண்டு போக வேண்டுமென்றால், தாய்மொழி அல்லாத மொழிக்குள்தான் கொண்டு போயாக வேண்டும். எங்களுக்கு இது வாழ்க்கைப்பாடு. அதனால் அந்தப் பாதையில் எங்கே குழி இருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பேசலாம்.

காஞ்சிபுரத்தில் இது எங்கள் பிரச்சினை மட்டுமல்ல. தறி போடுகிற சாதிகளிலேயே செங்குந்தர் வீட்டில் தமிழ், பத்மசாலியர் வீட்டில் தெலுங்கு, தேவாங்கர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ. ஊரே இரண்டு மொழி மூன்று மொழிதான். வித்தியாசம் என்னவென்றால், தறி சொந்தமாக வைத்திருப்பவனுடைய தமிழில் பிசிறு இருந்தால் ஆபீசில் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அந்தத் தறிக்குக் கூலிக்குப் போகிறவனுடைய தமிழில் பிசிறு இருந்தால், அவன் பொய் சொல்கிறான் என்பார்கள்.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். 2000களின் தொடக்கம். காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் முன்பணத்துக்குப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது ஊரறிந்த விஷயம். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத்தொழிலில் குழந்தைக் கொத்தடிமை பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குத் தனி நாடா. நெய்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாடாவை எடுத்துப் போட ஒரு சின்னக் கை வேண்டும். அந்தக் கைக்குத்தான் முன்பணம். பையனை உட்கார வைத்துவிட்டுப் பணம் வாங்குவார்கள். பணம் அடையும்வரை பையன் எழுந்திருக்க முடியாது. கணக்கு முதலாளி கையில் இருப்பதால் பணம் அடையவே அடையாது.

அப்படி ஒரு பையனுடைய அம்மா எங்களிடம் வந்தார். சித்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். பெயர் வேண்டாம். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழே கோட்டாட்சியருக்கு மனு போட வேண்டும். விடுதலைச் சான்று வாங்க வேண்டும். அவர் தெலுங்கில் சொன்னார். எங்களோடு வேலை செய்த கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டுத் தமிழில் எழுதினார். அவரும் தெலுங்கு வீட்டுப் பிள்ளை. பி.ஏ. படித்தவர், எழுத்துப்பிழையே வராது. நான் சரிபார்க்க உட்கார்ந்தேன்.

தம்பி எழுதியதில் இப்படி ஒரு வாக்கியம்: "என் மூத்த மகன் ஐந்து வருடங்களிலிருந்து தறியில் வேலை செய்கிறான்." படித்துப் பாருங்கள். இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது. அம்மா சொன்னது 'அய்தேண்ட்ல நிஞ்சி' என்று. தெலுங்கில் அதற்கு அர்த்தம் ஐந்து வருஷமாக. 'நிஞ்சி' என்பதற்கு நேர்த்தமிழ் 'இலிருந்து'. தம்பி துளி பிசகாமல் அப்படியே மாற்றியிருக்கிறார். ஆனால் தமிழில் காலம் நீண்டுகொண்டே வருகிறது என்று சொல்ல 'ஆக'தான்: ஐந்து வருடமாக, அஞ்சு வருஷமா. 'இலிருந்து' போட்டால் தமிழ்க்காது அது ஒரு தொடக்கப் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும்.

பக்கத்துக் காலனியில் ஓர் அக்கா. தமிழ் வீடு, தெலுங்கு தெரியாது, எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவரைக் கூப்பிட்டு மனுவைப் படித்துக் காட்டி, "அக்கா, இதுல என்ன நடந்துச்சின்னு எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னார்: "பாவம், அஞ்சு வயசுலருந்தே அந்தப் பையனத் தறியில உக்கார வச்சிருக்காங்க."

பையனுக்கு அப்போது பதிமூன்று வயது. மூன்றாம் வகுப்புவரை படித்து, எட்டு வயதில் நின்றுவிட்டான். பள்ளிச் சான்று மனுவோடு இணைத்திருந்தது. அந்த வாக்கியம் அப்படியே போயிருந்தால் என்ன ஆகும்? விசாரணையில் முதலாளி தரப்பு கேட்கும்: ஐந்து வயதிலிருந்து தறியில் இருந்தவன் எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தான்? மனுவே பொய் என்று ஆகிவிடும். பொய் சொன்னது அம்மா அல்ல, 'இலிருந்து' என்ற ஒரே ஓர் உருபு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழை என்று எதுவும் இல்லை. வாத்தியார் சிவப்பு மையால் சுழிக்க எதுவும் இல்லை. தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுகிறவனுக்கு இதுதான் ஆபத்து. தெரியாத இடத்தில் அவன் தயங்கி நாலு பேரைக் கேட்பான். தெரிந்ததாக நினைக்கிற இடத்தில்தான் வீட்டுமொழியின் நடை பேனாவுக்குள் புகுந்துகொள்ளும். எழுதியவனுக்கு அது தெரியாது, ஏனென்றால் அவன் காதில் இரண்டு மொழியும் ஒன்றாக ஓடுகிறது. அவன் படிக்கும்போது தமிழைப் படிப்பதில்லை. அடியில் இருக்கிற தெலுங்கைப் படிக்கிறான்.

இரண்டாவது வாக்கியம் இன்னும் கெட்டது. அம்மா தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார்: சித்தூர்ப் பக்கத்து ஊரில் அவர் 'வெட்டி சாகிரி' செய்தவர் என்று. தம்பி எழுதியது: "என் தகப்பனார் ஊருக்கு வெட்டி வேலை செய்து வந்தார்."

அக்காவிடம் படித்துக் காட்டியபோது அவர் கேட்டார்: "அப்ப அந்த மனுசன் வேலவெட்டி இல்லாம சுத்திக்கிட்டு இருந்தாரா?"

தெலுங்கில் வெட்டி என்றால் கூலி இல்லாத கட்டாய வேலை. தெலங்கானாவில் நிஜாம் காலத்தில் நிலப்பிரபுக்களுக்கு எதிராக நடந்த போராட்டத்தில் ஒரு முக்கியக் கோரிக்கையே வெட்டி சாகிரி ஒழிய வேண்டும் என்பதுதான். தமிழிலும் ஒரு காலத்தில் இதே பொருள் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளோடு வரியாக 'வெட்டி' வருகிறது. கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய உழைப்பு அது. ஆனால் இன்றைய தமிழில் வெட்டி என்றால் வீண். வெட்டிப்பேச்சு, வெட்டிப்பயல், வெட்டியா உக்காந்திருக்கான். ஊருக்காக முதுகு ஒடிந்த ஒரு மனிதனை, ஒரே சொல் சோம்பேறியாக்கிவிட்டது. சேரி ஆள் என்றாலே வேலை செய்ய மாட்டான் என்று நினைக்கிற நாற்காலிக்கு முன்னால் அந்த மனு போகப் போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, வேறு சொல் போடலாம் என்றால் எது? தம்பி 'கொத்தடிமை' என்றார். அது வழக்கமான சொல்தான். ஆனால் கொத்தடிமை என்றால் கேட்கிறவன் மனசில் கடன் வரும், முன்பணம் வரும். தாத்தா யாரிடமும் கடன் வாங்கவில்லை. அவர் பிறந்த சாதிக்கு அந்த வேலை என்று ஊர் வைத்திருந்தது, அவ்வளவுதான். இங்கே சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1976ஆம் ஆண்டுச் சட்டம் முன்பணக் கடனை மட்டும் சொல்லவில்லை. வழக்கமான சமூகக் கடமை என்பதற்காகவோ, ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்தான் என்பதற்காகவோ கூலி இல்லாமலோ பேருக்குக் கூலி கொடுத்தோ வேலை வாங்கினாலும், அதுவும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வரும். ஆக தாத்தா கதையும் பேரன் கதையும் ஒரே சட்டத்தின் இரண்டு வெவ்வேறு பிரிவு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஒன்று காணாமல் போகும்.

அகராதி இந்த இடத்தில் பாதிதான் உதவும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய தமிழ் லெக்சிகன் பெரிய களஞ்சியம். எந்தக் காலத்துச் சொல்லும் அதில் கிடைக்கும். அதனாலேயே அது இந்த வேலைக்கு ஆபத்து. செத்துப்போன பொருளும் உயிரோடு இருக்கிற பொருளும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தெலுங்குக்காரன் தனக்குத் தெரிந்த பொருள் அங்கே இருப்பதைப் பார்த்து நிம்மதியாகப் போய்விடுவான். 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேறு மாதிரி. இன்று எழுதுகிற தமிழில் சொல் எப்படி வருகிறது என்று எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு காட்டும். சந்தேகம் வந்தால் பொருளைப் பார்ப்பதைவிட அந்த எடுத்துக்காட்டைப் பாருங்கள். உங்கள் வாக்கியம் அந்த எடுத்துக்காட்டுக்குப் பக்கத்தில் உட்காருமா? உட்காராது என்றால் சொல் சரியாக இருந்தும் வாக்கியம் தமிழ் இல்லை.

ஆனால் எங்களுக்கு விடை அகராதியில் கிடைக்கவில்லை. அம்மாவிடமே கிடைத்தது. அவர் கல்யாணமாகி வந்து இருபது வருஷமாக இங்கே தமிழும் பேசுகிறவர். தெலுங்கில் சொன்னதையே, "ம்மா, இத எதிர்வீட்டுத் தமிழ்க்காரங்ககிட்ட சொல்லணும்னா எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "எங்கப்பாகிட்ட ஊர்ல சும்மாவே வேல வாங்குவாங்க. செத்த மாடு தூக்கணும், சேதி சொல்லப் போகணும். காசு கிடையாது. சோறு மட்டும் போடுவாங்க."

மனுவில் அதுதான் போனது, கொஞ்சம் எழுத்துத் தமிழாக்கி: 'கூலி கொடுக்காமல் வேலை வாங்கினார்கள். எங்கள் சாதி செய்ய வேண்டிய வேலை என்றார்கள். சோறு மட்டும் போட்டார்கள்.' ஒரு பெயர்ச்சொல்லுக்கு மூணு வாக்கியம். இருக்கட்டும். சொல்லுக்குச் சொல் தேடுவதை விட்டுவிட்டு என்ன நடந்தது என்று எழுதினால் பாதிக் குழிகள் தாமாக மூடிக்கொள்ளும். 'வேலை வாங்குவது' என்ற பிரயோகத்தையும் பாருங்கள். தம்பி வேறோர் இடத்தில் தெலுங்கு 'சேயிஞ்சுகுன்னாரு' என்பதைப் பிடித்துக்கொண்டு 'வேலை செய்வித்துக்கொண்டார்' என்று எழுதியிருந்தார். வித்துவான் தமிழ் மாதிரி இருக்கிறது. ஆனால் எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான். தமிழில் வேலையை வாங்குவார்கள், அடியையும் வாங்குவோம். தெலுங்கில் அடியைத் தின்போம்.

மூன்றாவது குழி வினைமுற்றில் இருந்தது. தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் மாட்டுக்கும் ஒரே முடிவு. 'ஆமெ வச்சிந்தி' என்றாலும் 'ஆவு வச்சிந்தி' என்றாலும் வினை அதேதான். அதில் அவமரியாதை கிடையாது, அந்த மொழி அப்படி. தம்பி எழுதினார்: "முதலாளியின் மனைவி வீட்டுக்கு வந்தது." பேச்சில் என்றால் பரவாயில்லை, எங்கள் பக்கத்துத் தமிழிலும் 'அந்தம்மா வந்துச்சு' என்று சாதாரணமாகச் சொல்வார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எழுத்தில் 'வந்தது' என்றானவுடன் அது வேறாகிவிடும். படிக்கிற அதிகாரிக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் எரிச்சல்.

அதை மாற்றப் போனபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அம்மா முதலாளியைச் சொல்லும்போது 'வச்சாரு' என்று மரியாதையாகச் சொன்னார், பயம். தன் புருஷனைச் சொல்லும்போது 'போயினாடு' என்று ஒருமையில் சொன்னார், உரிமை. தம்பி அப்படியே இறக்கியிருந்தார்: 'முதலாளி வந்தார். என் கணவன் பயந்து போனான்.' தெலுங்கில் வீட்டுக்குள் பேசியபோது அது பயமும் உரிமையும். தமிழில், அரசாங்கக் காகிதத்தில், அது சாதி வரிசை. முதலாளிக்கு 'ஆர்', அடிமைக்கு 'ஆன்'. யாரும் திட்டமிடவில்லை, வினைமுற்றே போய் உட்கார்ந்துகொண்டது. மனுவில் வயசுக்கு வந்த எல்லோருக்கும் 'ஆர்' என்று வைத்தோம்: முதலாளி வந்தார், என் கணவர் பயந்தார், முதலாளியின் மனைவி வந்தார். இது உண்மைக்கு மாறானதா என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதே வாக்குமூலத்தைப் பத்திரிகைக்குச் சாட்சியமாகக் கொடுப்பதானால் நான் 'போனான்' என்றே விட்டிருப்பேன். அவர் குரல் அங்கே வேண்டும். மனு யார் யாரிடம் என்ன செய்தார்கள் என்று நிறுவுகிற காகிதம். எந்தக் காகிதத்துக்கு எது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இனி, பிடிக்கிற வழிகளைப் பற்றி.

பலர் முதலில் சொல்வது: தமிழில் எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி தெலுங்குக்குத் திருப்பச் சொல்லுங்கள், மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஆங்கிலக் கேள்வித்தாள்களை இந்திய மொழிகளுக்குக் கொண்டு வருகிற ஆய்வாளர்கள் இதை விரும்பிச் செய்வார்கள். நாங்களும் செய்து பார்த்தோம். இன்னொரு தெலுங்கு வீட்டுப் பையனிடம் கொடுத்தோம். 'ஐந்து வருடங்களிலிருந்து' என்பது பழுதில்லாமல் 'அய்தேண்ட்ல நிஞ்சி' என்று திரும்பி வந்தது. 'வெட்டி வேலை' பத்திரமாக வெட்டி சாகிரியாகத் திரும்பி வந்தது. எல்லாம் பொருந்தியது. காரணம் எளிது. மூலத்தின் அச்சிலேயே வார்த்த தமிழ், மூலத்துக்குத் திரும்பத்தான் செய்யும். எவ்வளவு செயற்கையோ அவ்வளவு சுலபமாகத் திரும்பும். விட்டுப்போன வாக்கியம், மாறிப்போன எண், தலைகீழான 'இல்லை', இவற்றைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை நல்லது. நடை செயற்கையா என்று பார்க்க இது உதவாது. சில நேரம் செயற்கையான தமிழுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடும்.

பிடித்துக் கொடுத்தது அக்காவின் காது. அதையும் கேட்கிற விதமாகக் கேட்டால்தான். "சரியா இருக்காக்கா?" என்று கேட்டால், "நல்லாருக்கு தம்பி" என்றுதான் பதில் வரும். படித்த பையனைத் திருத்துவதற்கு யார் வருவார்கள்? அதுவும் மனு, சட்டம் என்றால், புரியாதது தன் தப்பு என்றே நினைப்பார்கள். அதனால் அபிப்பிராயம் கேட்கக் கூடாது, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். கேட்கிற ஆளுக்கு மூலமொழி தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தால் அவர் மனசு தானாகவே சரிசெய்துகொள்ளும். நாம் கையில் ஐந்து கேள்வி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். யார் செய்தது, யாருக்குச் செய்தது, எப்போதிலிருந்து, எத்தனை, யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போனது. திருப்பிச் சொல்வதில் இந்த ஐந்தில் ஒன்று மாறினாலும், அந்த வாக்கியத்தை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றி எழுத வேண்டும்.

அவர் எங்கே தடுக்கிறார் என்பதையும் பார்க்கலாம். இப்போதெல்லாம் நான் படித்துக் காட்டுவதைவிட அவரையே படிக்கச் சொல்கிறேன். வாக்கியத்தின் பாதியில் நின்று, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார் என்றால் அங்கே ஒரு பென்சில் கோடு. 'பத்து ரூபாய்கள்', 'இரண்டு பிள்ளைகள் பேர்' மாதிரி இடங்களில் அவர் நிற்காமல் தானே திருத்திப் படித்துவிடுவார்: 'பத்து ரூபா', 'ரெண்டு பசங்க'. தெலுங்கில் எண்ணுக்குப் பின்னால் பன்மை வந்தே தீரும், தமிழில் பல இடத்தில் வேண்டாம். காகிதத்தில் ஒன்று இருக்க அவர் வாயில் வேறொன்று வந்தால், வாய்தான் சரி.

எழுதியவர் தனியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எழுதி முடித்ததும் மூலத்தை மூடி வைத்துவிட்டு ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் தமிழை மட்டும் எடுத்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். மூலம் பக்கத்தில் இருந்தால் கண் அங்கே ஓடும், காது வேலை செய்யாது. தம்பி இப்படிச் செய்து 'வேலை செய்வித்துக்கொண்டார்' என்பதைத் தானே அடித்தார். ஆனால் 'ஐந்து வருடங்களிலிருந்து' அவர் காதுக்குப் படவே இல்லை. வீட்டில் சின்ன வயசிலிருந்து தமிழ் பேசும்போதும் அப்படியே சொல்லிப் பழகியவர். தன் காதுக்கு எட்டாத இடத்தைத் தானே கேட்க முடியாது. அதனால்தான் அக்கா வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி வரும், இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குக் கட்டாயம் வரும். 'இயல்பான தமிழ்' என்கிறீர்களே, யாருக்கு இயல்பு? சும்மா கேட்கிற கேள்வி இல்லை இது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தன் தாய்மொழி அல்லாத தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1715இல் அச்சாகி முடிந்தது. அவருக்குப் பின்னால் வந்த பாதிரிமார்களும் தமிழ் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் திருத்தியபோது பக்கத்தில் இருந்தவர் ஆறுமுக நாவலர். தமிழில் அவரைவிடப் பெரிய காது கிடையாது. ஆனால் அது சைவ வேளாளப் பண்டிதக் காது. அந்தக் காதுக்கு இயல்பாகப் படுவது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தரையில் உட்கார்ந்து கேட்ட சேரி சனங்களுக்கு இயல்பாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. சரிபார்க்க யாரைக் கூப்பிடுகிறோமோ அவருடைய தமிழாகத்தான் கடைசியில் அது மாறும்.

எங்கள் மனுவிலும் இது நடந்தது. ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிற பெரியவர் ஒருவரிடமும் காட்டினோம். முப்பது வருஷம் எழுதிய கை. 'இலிருந்து' பிசகை அவரும் உடனே பிடித்தார். ஆனால் கூடவே, 'சோறு மட்டும் போட்டார்கள்' என்பதை அடித்து 'உணவு மாத்திரம் வழங்கப்பட்டது' என்று எழுதினார். 'முதலாளி என் மகனைப் பாவு கட்டையால் அடித்தார்' என்பது 'என் மகன் தாக்கப்பட்டான்' என்று ஆனது. அவருக்கு அதுதான் இயல்பு, ஆபீசுக்கும் அதுதான் இயல்பு. பாருங்கள், அடித்தவனும் காணோம், கட்டையும் காணோம். 'வழங்கப்பட்டது' என்றதும் பழைய சோற்றை எட்ட நின்று ஊற்றியது தானதருமம் மாதிரி ஆகிவிட்டது.

அதனால் ஒரு விதியை எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். ஒரு வாக்கியம் விசித்திரமாகக் கேட்டால், அந்த விசித்திரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பது. தெலுங்கு இலக்கணத்திலிருந்து வந்ததா, சொன்ன ஆளிடமிருந்து வந்ததா? இலக்கணத்திலிருந்து என்றால் தயங்காமல் மாற்று. ஆளிடமிருந்து என்றால் தொடாதே. எப்படிக் கண்டுபிடிப்பது? அவரே தமிழில் சொல்லும்போது அந்த விசித்திரம் அப்படியே இருக்கிறதா என்று பார். அம்மா தமிழில் சொன்னபோது 'அஞ்சு வருஷமா' என்றுதான் சொன்னார். ஆக 'இலிருந்து' அவருடையதல்ல, தம்பியுடையது. ஆனால் தமிழிலும் அவர், 'எம் புள்ள வெரல அந்தத் தறி தின்னுடுச்சி' என்றார். பட்டு இழை அறுத்து அறுத்து விரல் நுனியில் தோலே இல்லாமல் போனதை அப்படிச் சொன்னார். மனு எழுதும் பெரியவர் 'விரல்களில் காயம் ஏற்பட்டது' என்று மாற்றியிருந்தார். நாங்கள் அம்மா சொன்னதையே திருப்பி எழுதி, பக்கத்தில் எந்த விரல், எவ்வளவு புண் என்று சேர்த்தோம். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோதும் இதையெல்லாம் எழுத்தில் எழுதலாமா என்று கேட்டவர்கள் உண்டு. பண்டிதக் காதுக்குப் பிசிறாகப் பட்டது, அந்தப் பேச்சைப் பேசி வளர்ந்தவர்களுக்குச் சொந்த வீட்டுக் குரல்.

ஆக இரண்டு காது வேண்டும். சேரியில் ஒரு தமிழ்க்காது, கதை மாறாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க. ஆபீஸ் தமிழ் தெரிந்த காது ஒன்று, சட்டத்துக்கு வேண்டிய சொல் விட்டுப்போகிறதா என்று பார்க்க. இரண்டும் முரண்பட்டால் முடிவு சொல்ல வேண்டியது மனுவில் கைநாட்டு வைக்கிறவர்.

அப்படித்தான் கடைசியில் செய்தோம். முழு மனுவையும் தமிழில் அம்மாவுக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினோம். எழுத்துத் தமிழ் என்பதால் கொஞ்சம் விலகி உட்கார்ந்துதான் கேட்டார். 'முதலாளி ரூ. 3,000 முன்பணம் கொடுத்து உதவினார்' என்ற இடத்தில் கையை நீட்டித் தடுத்தார். அது மனு எழுதும் பெரியவர் சேர்த்த சொல். நாங்கள் மூன்று பேரும் நான்கு முறை படித்தும் கவனிக்காமல் தாண்டிய சொல், அவ்வளவு இயல்பான தமிழ் அது.

"ஒதவி இல்ல சார். குடுத்தாரு. குடுத்தாருன்னு மட்டும் போடுங்க."

'கொடுத்தார்' என்று மட்டும் போட்டோம். அதற்கப்புறம்தான் கைநாட்டு வைத்தார்.